பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தில் "எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்று எழுதலாமா?

பொங்கோல்வாசி | 13 ஜூலை 2024, இரவு 11.20

ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழாக்கக் குழுவை ஒன்பது வருடமாக ஒருங்கிணைத்து வருகிறேன். சம்பளம் இல்லாத வேலை. குழுவில் சென்னை, யாழ்ப்பாணம், கிள்ளான், இங்கே சிங்கப்பூர் என்று பதினைந்து பேர் வரை இருக்கிறோம். ஆகஸ்ட் மாதத்தோடு விலகுகிறேன். மகளுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ. தேர்வு செப்டம்பர் கடைசியில் வருகிறது, எங்கள் மென்பொருளின் வெளியீடும் செப்டம்பர்தான். இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாது.

கடிதத்தின் முதல் வரைவில் வழக்கம்போல் எழுதினேன்: "நான் எங்கும் போகவில்லை, எப்ப வேணும்னாலும் கேளுங்க." திரும்பப் படித்ததும் கை நின்றுவிட்டது. இதே வரியை 2015இல் எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் எங்களுக்கு ஒரு வெளியீடே போனது.

நன்றி மட்டும் சொல்லி, தொடர்பில் இருப்பேன் என்று உறுதி தராமல் விலகுவது தவறா? அப்படி எழுதியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

துவாஸ்_சூப்பர்வைசர் | 14 ஜூலை, காலை 7.05

அக்கா, நோட்டீஸ் எத்தனை நாள் கொடுத்தீங்க? அதைச் சரியா முடிச்சிட்டா அப்புறம் ஒருத்தரும் கேட்க முடியாது.

என் கதையைச் சொல்றேன். போன வருஷம் ஒரு சைட்ல இருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறினேன். கிளம்பும்போது "ஏதாவதுன்னா கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். நாலு மாசம் ராத்திரி பத்து மணிக்குப் போன். மூணாவது மாடித் தண்ணி லைனை மூடுற வால்வு எங்கேன்னு கேட்பாங்க. டிராயிங்கில் ஒரு இடத்தில் இருக்கும், நிஜத்தில் சீலிங்குக்கு மேலே வேற இடத்தில் இருக்கும். வேலை நடக்கும்போது நாங்க மாத்தினதை டிராயிங்கில் ஏத்தவே இல்லை. தெரிஞ்சது நான் ஒருத்தன்தான்.

பொங்கோல்வாசி | 14 ஜூலை, மதியம் 1.40

தம்பி, இது ஆபீஸ் வேலை இல்லை, நோட்டீஸ், சம்பளம் எதுவும் கிடையாது. ஆனால் உங்கள் வால்வு எங்கள் கதைக்கும் பொருந்துகிறது. அவர்கள் உங்களைத் தேடியதற்குக் காரணம் டிராயிங் பொய் சொன்னது. "கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்ததால் யாரும் அதைத் திருத்தவும் இல்லை.

2015இல் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். எங்கள் மென்பொருள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு நாளைக் குறித்து, அதற்குப் பிறகு ஆங்கில வாசகங்களை மாற்றமாட்டோம் என்று நிரலாளர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அந்த நாளுக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் மொழிபெயர்ப்பவர்களின் காலம். அதில் செய்து முடித்ததுதான் திரையில் வரும். விட்டால் அடுத்த ஆறு மாதம் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகத்தான் இருக்கும்.

பழைய ஒருங்கிணைப்பாளர் ஜூலையில் விலகினார். நல்ல மனிதர், எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். ஆகஸ்ட் 24 அன்று நான் ஒரு கேள்வி அனுப்பினேன். `folder` என்று வரும் இடத்தில் "கோப்புறை" என்றும் `directory` என்று வரும் இடத்தில் "அடைவு" என்றும் பிரித்து வைத்திருந்தார். புதிதாக வந்த வாசகங்களில் இரண்டும் கலந்து கிடந்தன. இருநூறுக்கு மேற்பட்ட வாசகங்கள் அந்த ஒரு முடிவுக்காகக் காத்திருந்தன. நானே முடிவெடுத்திருக்கலாம். ஆனால் அவர்தான் எப்போது வேண்டுமானாலும் கேட்கச் சொன்னாரே என்று காத்திருந்தேன். அவர் இருக்கிறார் என்ற நினைப்பில் குழுவிலும் யாரும் துணியவில்லை. பதில் செப்டம்பர் 14 அன்று வந்தது. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தாராம். காலம் முடிந்துவிட்டது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரியை மனசார எழுதினார். மனசார எழுதியதால்தான் நாங்களும் நம்பினோம்.

பைதான்பையன் | 14 ஜூலை, இரவு 9.15

பைதான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் செய்ததைப் பாருங்கள். 2018 ஜூலை 12, ஆறு வருடத்துக்கு முன்னால். `PEP 572` என்ற மாற்ற முன்மொழிவைப் பற்றிய சண்டையில் சலித்துப்போய் ஒரே கடிதம், அவ்வளவுதான், போய்விட்டார். வாரிசையும் நியமிக்கவில்லை. பைதான் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களும் வெட்டிவிட்டுப் போங்கள்.

பழைய_டெபியன் | 15 ஜூலை, காலை 8.30

பாதி சரி. வாரிசை நியமிக்கவில்லை, அது உண்மை. யார் எப்படி முடிவெடுப்பது என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று குழுவிடம் விட்டார். ஆனால் அவர் போகவில்லை. சாதாரண நிரலாளராகக் கொஞ்ச காலம் இருப்பேன் என்று அதே கடிதத்தில் எழுதினார். அந்த வருட டிசம்பரில் `PEP 8016` மூலம் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு என்று முடிவானது. 2019 தொடக்கத்தில் தேர்தல் நடந்தபோது அந்த ஐவரில் அவரும் ஒருவர். அடுத்த தேர்தலில்தான் ஒதுங்கினார்.

அவர் கைவிட்டது கடைசி வார்த்தை சொல்லும் அதிகாரத்தை. ஆள் அங்கேயே இருந்தார். பொங்கோல்வாசி அவர்களின் 2015 கதையில் நேர்மாறு: ஆள் இல்லை, ஆனால் கடைசி வார்த்தை அவரிடமே இருந்தது. உபுண்டுவின் நடத்தை நெறியில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. விலகுகிறவர் விலகுவதைச் சொல்ல வேண்டும், விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர வழி செய்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் கூடவே இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒரு கேள்வி. 2015இல் பதிவேற்றும் உரிமை யாரிடம் இருந்தது?

பொங்கோல்வாசி | 15 ஜூலை, மாலை 6.50

அவரிடம் மட்டும்தான் ஐயா. நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். நானே அன்று முடிவெடுத்திருந்தாலும் கோப்பைக் களஞ்சியத்தில் ஏற்ற முடிந்திருக்காது. ஆகவே கெடுத்தது அந்த வரி மட்டும் இல்லை. உரிமையைக் கொடுக்காமல் வாக்கை மட்டும் கொடுத்தார். எப்போதும் இருப்பேன் என்று நினைத்ததால் உரிமையை மாற்றுவது அவருக்கு அவசரமாகத் தோன்றியிருக்காது.

இன்று என் நிலைமையைப் பார்த்தேன். உரிமை என்னைத் தவிர இன்னும் ஒருவருக்கு இருக்கிறது, அவர் இரண்டு வருடமாகப் பயன்படுத்தவே இல்லை. நானும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஈசூன்_தமிழாசிரியை | 16 ஜூலை, காலை 10.10

முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணினி விவரம் தெரியாது, கடிதம் தெரியும்.

நம் வீட்டில் வாசலைத் தாண்டும்போது யாரும் "போகிறேன்" என்று சொல்லமாட்டோம், "போய் வருகிறேன்" என்போம். பிள்ளை தவறிப்போய்ச் சொன்னால் பாட்டி திரும்ப அழைத்து, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார். ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தவர்களிடம் "இனி என்னைக் கேட்காதீர்கள்" என்று எழுதினால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவைச் சாத்தியது மாதிரிதான் படும். அம்மா, வரியை எடுத்துவிடுவது சுலபம். அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறீர்கள்?

பொங்கோல்வாசி | 16 ஜூலை, இரவு 11.55

டீச்சர், இதைத்தான் மூன்று நாளாக என்னால் சொல்ல முடியாமல் இருந்தது. "போய் வருகிறேன்" என்பதில் எப்போது வருவேன் என்று இல்லை. எதற்கு வருவேன் என்றும் இல்லை. வரும் மனசு இருக்கிறது என்பது மட்டும்தான் இருக்கிறது. "எப்ப வேணும்னாலும்" என்பதில் நேரமும் கடமையும் சேர்ந்துவிடுகின்றன. முதலாவதை எழுதலாம், இரண்டாவதை எழுதக்கூடாது. இப்போதைக்கு இது என் எண்ணம், காலையில் மாறலாம்.

பொங்கோல்வாசி | 17 ஜூலை, காலை 7.40, ரயிலில்

மாறவில்லை. ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கு ஒரு தேதி போட்டு உதவத்தான் வேண்டும். செப்டம்பர் 15 வரை, கணக்கு, கடவுச்சொல், உரிமை பற்றிய கேள்விகளுக்கு மட்டும். என் கையால்தான் திறக்க முடிகிற பூட்டுகள் அவை. எந்தச் சொல்லைப் போடுவது என்ற கேள்விக்கு முதல் நாளிலிருந்தே பதில் சொல்லமாட்டேன்.

ஈசூன்_தமிழாசிரியை | 17 ஜூலை, மதியம் 12.30

தலைகீழாக இருக்கிறதே! பூட்டை யாரும் திறக்கலாம். சொல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் ஒன்பது வருட அறிவு. அதைத் தரமாட்டேன் என்றால் எப்படி?

பொங்கோல்வாசி | 21 ஜூலை, மாலை 4.15

நான்கு நாள் யோசித்தேன் டீச்சர். அந்த அறிவைத் தரத்தான் வேண்டும், ஆனால் நான் பதில் சொல்லும் வடிவில் தரக்கூடாது. எங்கள் கலைச்சொல் பட்டியலில் சொல் இருக்கிறது, காரணம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்கிறார்கள். நேற்று தேசிய நூலகத்தில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சண்டை வந்த பதினொரு சொற்களுக்கு மட்டும் காரணம் எழுதினேன். `folder`க்கு எழுதியது இப்படி:

"கோப்புறை: படமாகத் திரையில் தெரிவது, சுட்டியால் திறப்பது. அடைவு: கட்டளை வரியில் வருவது. 2012இல் இப்படிப் பிரித்தோம். புதிய வாசகங்களில் இந்த எல்லை மங்கி வருகிறது, நிரலாளர்களே இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். ஒன்றாக்கினால் நான் தடுக்கமாட்டேன். ஒன்றாக்கினால் எல்லாக் கோப்பிலும் ஒன்றாக்குங்கள்."

எழுதும்போது இன்னொன்று கிடைத்தது. `Page %d of %d` என்ற வாசகம். தமிழில் மொத்தம் முன்னால் வரும், எண் பின்னால் வரும். ஆகவே இடத்தைக் குறித்துத்தான் எழுத வேண்டும்:

```
#, c-format
msgid "Page %d of %d"
msgstr "%2$d பக்கங்களில் %1$d ஆம் பக்கம்"
```

அந்த `2$`, `1$` இரண்டையும் விட்டுவிட்டால் "3 பக்கங்களில் 40 ஆம் பக்கம்" என்று வரும். கோப்பைச் சரிபார்க்கும் `msgfmt -c` ஓட்டினாலும் இது பிடிபடாது. இரண்டும் `%d` என்பதால் அதற்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஒன்று `%s` ஆக இருந்தால் கத்தியிருக்கும். அச்சு முன்னோட்டத்தைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இது இத்தனை வருடமாக என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. தம்பி, சீலிங்குக்கு மேலே இருந்த உங்கள் வால்வு இதுதான்.

துவாஸ்_சூப்பர்வைசர் | 21 ஜூலை, இரவு 8.00

இப்பப் புரியுது அக்கா. நானும் அந்த டிராயிங்கில் சிவப்புப் பேனாவால குறிச்சுக் கொடுத்திருந்தா நாலு மாசம் தூங்கியிருப்பேன்.

பைதான்பையன் | 23 ஜூலை, மாலை 5.20

கடிதத்தில் என்ன எழுதினாலும் மொழிபெயர்ப்பு இருக்கும் `.po` கோப்பின் தலைப்பில் உங்கள் முகவரி இருக்கும்வரை வழு அறிக்கை உங்களுக்குத்தான் வரும். `Last-Translator` வரியில் புது ஆள் பெயரைப் போட்டுவிடுங்கள், முடிந்தது.

பழைய_டெபியன் | 23 ஜூலை, இரவு 10.40

வரி தவறு. `Last-Translator` கடைசியாக அந்தக் கோப்பில் வேலை செய்தவர் பெயர். அடுத்தவர் திருத்திச் சேமிக்கும்போது அவருடைய கருவியே அதை மாற்றிவிடும். வேலை செய்யாதவர் பெயரை நாமாக எழுதுவது பொய். மாற்ற வேண்டியது `Language-Team`. அங்கே குழுவின் முகவரி இருக்க வேண்டும், பல குழுக்களில் தலைவரின் சொந்த முகவரி இருக்கும். ஒருமுறை தேடிப் பாருங்கள்:

```
grep -l "Language-Team:.*உங்கள்-முகவரி" */po/ta.po
```

பொங்கோல்வாசி | 24 ஜூலை, அதிகாலை 12.30

தேடினேன். நாற்பத்தாறு கோப்பில் என் சொந்த முகவரி. "தொடர்பில் இருப்பேன்" என்று நான் எழுதாவிட்டாலும் நாற்பத்தாறு இடத்தில் அது எழுதிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் குழு முகவரிக்கு மாற்றி ஏற்றிவிட்டேன். நன்றி ஐயா.

பொங்கோல்வாசி | 10 ஆகஸ்ட், மாலை 7.30

தேசிய தின விடுமுறையில் இங்கே இருக்கிற நான்கு பேர் தேக்காவில் ஒரு கடையின் மாடியில் மடிக்கணினியோடு கூடினோம். மற்றவர்கள் திரையில் வந்தார்கள். உரிமை இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது: ஒருவர் கிள்ளான், ஒருவர் சென்னை, ஒருவர் உட்லண்ட்ஸ். "கொடுத்தாயிற்று" என்று சொல்வதை நான் நம்பவில்லை. மூவரையும் என் கண் முன்னாலேயே ஆளுக்கு ஒரு சின்னத் திருத்தத்தை ஏற்றச் சொன்னேன். சென்னைக்காரருக்கு ஏறவில்லை. அவர் கணக்கில் பழைய சாவி பதிவாகியிருந்தது. சரிசெய்ய ஐம்பது நிமிடம் பிடித்தது. வெளியீட்டு வாரத்தில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அதன் பிறகு என் உரிமையை நானே நீக்கினேன். அதற்குத்தான் கை நடுங்கியது. உட்லண்ட்ஸ் தம்பி "வைத்துக்கொள்ளுங்களேன் அக்கா, ஆபத்துக்கு உதவும்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால்? ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

பழைய_டெபியன் | 11 ஆகஸ்ட், காலை 9.00

நான் நீக்கியிருக்கமாட்டேன். டெபியனில் விலகுகிறவர்களுக்கு எமரிட்டஸ் என்று ஒரு நிலை உண்டு. உரிமையைத் திருப்பிக் கொடுத்து, மரியாதையோடு பட்டியலில் இருக்கலாம், திரும்பி வருவதும் எளிது. சின்னக் குழுவில் அப்படி ஏற்பாடு இல்லை, ஆகவே ஒரு மாற்றுச் சாவி இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். ஆனால் உங்கள் கதை 2015இலிருந்து வருகிறது, உங்கள் முடிவு எனக்குப் புரிகிறது.

பொங்கோல்வாசி | 18 ஆகஸ்ட், இரவு 10.05

நன்றியில் மாட்டிக்கொண்டேன். பெயர் சொல்லி நன்றி சொன்னால் யாராவது விட்டுப்போவார்கள். `git shortlog -sn -- po/ta.po` ஓட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் என் பெயர்தான் வருகிறது. மற்றவர்கள் செய்து அனுப்பியதையெல்லாம் என் கணக்கில்தானே ஏற்றினேன். பதிவேட்டை நம்பியிருந்தால் அவர்கள் உழைப்பையெல்லாம் என் பெயரில் எழுதிக்கொண்டிருப்பேன். கோப்புகளின் உச்சியில் `#` போட்ட வரிகளில் பெயரும் வருடமும் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்தால் பதினான்கு பேர் வருகிறார்கள். நான்கு பேரை எனக்கே மறந்துபோயிருந்தது.

இந்தப் பதினான்கு பேரையும் `translator-credits` வாசகத்தில் அகர வரிசையில் எழுதிவிட்டேன். மென்பொருளின் "பற்றி" பெட்டியைத் திறந்தால் பெயர்கள் அங்கே வரும். கடிதத்தை ஒரு நாள் படித்து மூடிவிடுவார்கள், பெட்டி இருக்கும்.

பொங்கோல்வாசி | 31 ஆகஸ்ட், இரவு 9.00

இன்று அனுப்பியது:

"நண்பர்களே,

இன்றோடு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். ஏற்றும் உரிமை மூன்று பேரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. பதினொரு சொற்களுக்கான காரணங்கள் கலைச்சொல் பட்டியலில் இருக்கின்றன. அவை நாங்கள் அன்று யோசித்த விதம், மாற்றக்கூடாத சட்டம் இல்லை.

அச்சு முன்னோட்டத்தில் பக்க எண் தலைகீழாக வந்ததைக் கண்டுபிடித்தவருக்கு, மின்சாரம் இல்லாத நாட்களிலும் கைப்பேசியில் சரிபார்த்து அனுப்பிய யாழ்ப்பாணத்துத் தங்கைக்கு, 'இது தமிழா?' என்று என்னிடம் சலிக்காமல் கேட்டவருக்கு, உங்கள் எல்லோருக்கும் நன்றி. நான் தனியாகச் செய்திருந்தால் பாதிகூட வந்திருக்காது.

செப்டம்பர் 15 வரை கணக்கு, உரிமை பற்றிய கேள்வி இருந்தால் எழுதுங்கள், இரண்டு நாளுக்குள் பதில் வரும். அதன் பிறகு குழுவின் அஞ்சலைத் தொடர்ந்து படிக்கமாட்டேன். நீங்கள் எழுதி நான் பதில் போடவில்லை என்றால் மனக்கசப்பு என்று நினைக்க வேண்டாம், பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்காகக் காத்திருக்காமல் முடிவெடுங்கள்.

போய் வருகிறேன்."

ஈசூன்_தமிழாசிரியை | 1 செப்டம்பர், காலை 8.45

படித்தேன். "உங்கள் எல்லோருக்கும் நன்றி" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த மகிழ்ச்சி எனக்கு. "தொடர்ந்து படிக்கமாட்டேன்" இன்னும் உறுத்துகிறது. ஆனால் கடைசி வரியில் சமாதானம் ஆகிவிட்டேன்.

பொங்கோல்வாசி | 12 செப்டம்பர், இரவு 10.30

கிள்ளானிலிருந்து ஒரு கேள்வி வந்தது. `Discard` பொத்தானுக்கு என்ன போடுவது? மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வரி பதிலைத் தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பவில்லை. இது சொல் பற்றிய கேள்வி, பூட்டு பற்றியது இல்லை. இரவெல்லாம் மனசு அங்கேயே இருந்தது.

பொங்கோல்வாசி | 20 அக்டோபர், மதியம் 3.10

தேர்வு முடிந்தது, மகள் நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள்.

நேற்று என் கணினியில் புதிய பதிப்பு வந்தது. சேமிக்காமல் ஒரு கோப்பை மூடிப் பார்த்தேன். நான் வைத்திருந்த "நிராகரி" போய் "கைவிடு" வந்திருக்கிறது. அழைப்பை ஏற்காமல் விடும் பொத்தானிலும் "நிராகரி" இருப்பதால் மாற்றினோம் என்று பட்டியலில் காரணம் எழுதியிருக்கிறார்கள். நான் தட்டச்சு செய்து அழித்த ஐந்து வரியில் இந்தக் காரணம் இல்லை. "கைவிடு" எனக்கு இன்னும் கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது.

"பற்றி" பெட்டியையும் திறந்தேன். பதினான்கு பேரோடு இந்த முறை புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தங்கையின் பெயரில் ஒரு றகரம் ரகரமாக விழுந்திருக்கிறது. அது நான் ஆகஸ்டில் செய்த பிழை. எல்லோரும் போடும் இடத்தில் வழு அறிக்கை போட்டிருக்கிறேன்.